பஞ்சாபி என்னும் சொல்லின் சுமை: அகாலி தளமும் மிதமாதல் கருதுகோளும்

1961ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு வந்த பக்தர்களின் காலணிகளை எழுபத்தாறு வயது முதியவர் ஒருவர் ஐந்து நாள்கள் துடைத்துக்கொண்டிருந்தார். சமையற்கூடத்துப் பாத்திரங்களையும் கழுவினார். அவர் மாஸ்டர் தாரா சிங். முப்பதாண்டுகளாகச் சீக்கிய அரசியலின் தலைமகனாக இருந்தவர். அவருடைய குற்றம், உண்ணாநோன்பைப் பாதியில் முடித்துக்கொண்டது. அகால் தக்தில் உறுதிமொழி ஏற்று ஆகஸ்டு 15இல் தொடங்கிய நோன்பை, கோரிக்கை நிறைவேறாத நிலையில் நாற்பத்தெட்டாம் நாளில் அவர் கைவிட்டார். ஐவர் குழு விசாரித்தது, வாக்குத் தவறியவர் என்று தீர்ப்பளித்தது, தண்டனையை விதித்தது.

அந்த நோன்பு எதற்காக நடந்தது என்பதுதான் மொழியியல் படித்த என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது. பஞ்சாபி பேசுவோருக்கு ஒரு மாநிலம் வேண்டும் என்பதே கோரிக்கை. அதன் சொற்களில் சமயம் இல்லை. ஆந்திரம் கேட்டது போன்ற, மகாராஷ்டிரம் கேட்டது போன்ற ஒரு மொழிவாரி மாநிலக் கோரிக்கை. ஆனால் அதற்கான உறுதிமொழி சமயப்பீடத்தில் ஏற்கப்பட்டது. அதை மீறியதற்கான தண்டனையும் சமயத் தண்டனையாகவே அமைந்தது. கோரிக்கையின் மொழி ஒன்றாகவும், அதைத் தாங்கி நின்ற அமைப்பின் மொழி வேறொன்றாகவும் இருந்தன.

தேர்தலில் பங்கேற்கும் சமயக் கட்சிகள் காலப்போக்கில் தம் கோரிக்கைகளைத் தணித்துக்கொள்ளும் என்பதை அரசியல் அறிவியலில் மிதமாதல் கருதுகோள் என்பர். இதன் மூலவடிவம் சமயக் கட்சிகளைப் பற்றியதன்று. புரட்சி பேசிய ஐரோப்பிய சோசலிசக் கட்சிகள் வாக்குப்பெட்டிக்கு வந்தபின் எவ்வாறு பதம் மாறின என்பதை ராபர்ட் மிக்கேல்ஸ் போன்றோர் எழுதியதிலிருந்து அது வளர்ந்தது. பின்னர் ஸ்டாதிஸ் காலிவாஸ் ஐரோப்பியக் கத்தோலிக்கக் கட்சிகளையும், ஜில்லியன் ஷ்வெட்லர் ஜோர்டான், ஏமன் நாடுகளின் இசுலாமியக் கட்சிகளையும் கொண்டு அதைச் சோதித்தனர். வாதத்தின் உள்ளியக்கம் எளிது. பெரும்பான்மை பெறப் பிறர் வாக்கு வேண்டும். பிறர் வாக்கைப் பெற அவர்களை அச்சுறுத்தும் பேச்சைக் குறைக்க வேண்டும். ஆட்சிக்கு வந்தால் சாலையும் பாசனமும் பார்க்க வேண்டும். இப்படிப் பார்த்துப் பார்த்தே கட்சி மாறிவிடும். நடத்தை மாறுவது வேறு, நம்பிக்கை மாறுவது வேறு என்பது ஷ்வெட்லர் வலியுறுத்திய வேறுபாடு. அகாலி தளத்தின் வரலாறு இந்த வாதத்துக்கு ஒரு முன்கேள்வியை வைக்கிறது: எந்தத் தேர்தல்?

ஏனெனில் அகாலி தளம் நூறாண்டுகளாக இரண்டு தேர்தல்களில் நின்று வருகிறது. 1920 நவம்பரில் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு தோன்றியது. அடுத்த மாதமே, குருத்வாராக்களை மகந்துகளின் பிடியிலிருந்து மீட்கும் தொண்டர் படையாக அகாலி தளம் தோன்றியது. ஐந்தாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1925இல் சீக்கிய குருத்வாராச் சட்டம் வந்தது. பஞ்சாபின் வரலாற்றுச் சிறப்புடைய குருத்வாராக்களை, சீக்கியர் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழுவிடம் அச்சட்டம் ஒப்படைத்தது. கோயில் வருமானம், ஊழியர் நியமனம், கல்லூரிகள், பரப்புரைக்கான மேடை யாவும் அந்தக் குழுவின் கையில். ஆகவே சட்டமன்றத்தில் தோற்றாலும் இக்கட்சி அழிந்துவிடுவதில்லை. அதற்கென்று தனிக் கருவூலமும் தனி வாக்காளர் தொகுதியும் உண்டு. உலகில் வேறெந்தச் சமயக் கட்சிக்கும் இத்தகைய சட்டப்படியான இரட்டை அரங்கு வாய்த்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த இரண்டு அரங்குகளும் எவ்வளவு வேறுபட்டவை என்பதை அறிய 1960ஐயும் 1962ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும். 1960 ஜனவரியில் நடந்த குருத்வாராக் குழுத் தேர்தலில் பஞ்சாபி சுபா ஒன்றையே கோரிக்கையாக வைத்து நின்ற தாரா சிங் அணி, பெயரளவுக்குச் சில இடங்களை மட்டும் விட்டுவிட்டு ஏனைய அனைத்தையும் வென்றது. ஈராண்டு கழித்து அதே கோரிக்கையுடன் சட்டமன்றத் தேர்தலில் நின்றபோது 154 இடங்களில் 19ஐ மட்டுமே பெற்றது. அன்றைய பஞ்சாபில் சீக்கியர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். அவர்களிலும் ஒரு பெரும்பகுதி காங்கிரசுக்கும், ஒரு பகுதி பொதுவுடைமையினருக்கும் வாக்களித்தது. தன் சமூகத்தின் தனிப்பெரும் பிரதிநிதி என்று ஓர் அரங்கில் நிறுவிக்கொண்ட கட்சி, மற்றோர் அரங்கில் சிறு எதிர்க்கட்சியாக இருந்தது.

இனி அந்தக் கோரிக்கையின் சொல்வரலாற்றுக்கு வருகிறேன். நாட்டுப் பிரிவினைக்கு முந்தைய ஆண்டான 1946இல் அகாலி தளம் சீக்கியருக்கென ஓர் அரசு வேண்டும் என்றே தீர்மானம் இயற்றியது. விடுதலைக்குப்பின் அந்தச் சொல் வழக்கொழிந்து, அதனிடத்தில் ‘பஞ்சாபி சுபா’ வந்தது. சுபா என்பது முகலாய நிர்வாகத்தில் மாகாணத்தைக் குறித்த சொல். நாம் அறிந்த சுபேதார் அதிலிருந்து வந்தவர்தான். இச்சொல் மாற்றத்துக்குக் காரணம் தேர்தல் என்று சொல்வதற்கில்லை. தில்லி வகுத்த விதியே காரணம். சமயத்தின் பெயரால் ஒருமுறை பிரிந்த நாட்டில், சமய அடிப்படையிலான எந்தப் பிரதேசக் கோரிக்கையையும் நேருவின் அரசு பேச்சுக்கே எடுத்துக்கொள்ளாது. மொழி அடிப்படையிலான கோரிக்கை என்றால் எதிர்க்கும், இழுத்தடிக்கும், இறுதியில் பேசும். எழுதப்படாத இவ்விதிகளைப் பால் பிராஸ், வட இந்தியாவின் மொழி, சமயம், அரசியல் பற்றிய தம் 1974ஆம் ஆண்டு நூலில் தெளிவாக வரிசைப்படுத்தியுள்ளார். பிரிவினை கேட்காதே, சமயத்தைச் சொல்லாதே, மக்கள் ஆதரவைக் காட்டு, மறுதரப்பின் ஒப்புதலையும் காட்டு. திராவிட முன்னேற்றக் கழகம் 1963இல் பதினாறாம் திருத்தத்தின் முன் திராவிடநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டதை அறிந்தவர்களுக்கு முதல் விதியின் வலிமையை விளக்க வேண்டியதில்லை. அகாலிகளைக் கட்டியது இரண்டாம் விதி.

ஆகவே இங்கு நடந்ததைத் தணிவு என்பதைவிட மொழிபெயர்ப்பு என்பதே பொருந்தும். மொழிபெயர்ப்பில் எஞ்சியது என்ன என்பதுதான் அன்றைய சண்டை. மாநிலச் சீரமைப்புக் குழு 1955இல் கோரிக்கையை நிராகரித்தது. பஞ்சாபி இந்தியிலிருந்து போதிய அளவு வேறுபட்டதன்று என்பதும், அப்பகுதி மக்களின் பொது ஆதரவு இல்லை என்பதும் அது சொன்ன காரணங்கள். முதல் காரணம் மொழியியல் நோக்கில் வலுவற்றது. பஞ்சாபிக்குச் சொற்பொருளை வேறுபடுத்தும் தொனி உண்டு. இந்திக்கு அது இல்லை. ஆனால் இரண்டு மொழிகளுக்கிடையே எல்லை எங்கே என்பதை மொழியியலாளர் கூடி முடிவு செய்வதில்லை என்பதை எங்கள் துறையில் முதலாண்டிலேயே கற்றுவிடுகிறோம். இரண்டாம் காரணத்தில்தான் உண்மை இருந்தது. ஆரிய சமாஜமும் ஜன சங்கமும், வீட்டில் பஞ்சாபி பேசும் இந்துக்களைக் கணக்கெடுப்பில் இந்தியைத் தாய்மொழியாகப் பதியுமாறு வேண்டின. தாவா முற்றியதால் 1951 கணக்கெடுப்பில் அப்பகுதியின் இந்தி, பஞ்சாபி, உருது, பஹாரி ஆகியவை பிரிக்கப்படாமல் ஒரே தொகையாகவே தரப்பட்டன. ஓர் அரசு தன் குடிமக்கள் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேட்டு, வந்த விடையை நம்ப முடியாமல் ஒன்றாகக் கட்டிவைத்துவிட்ட நிகழ்வு அது.

சண்டையின் உண்மையான மையம் பேச்சிலும் இல்லை, எழுத்தில் இருந்தது. 1949ஆம் ஆண்டின் சச்சார் திட்டம் மாநிலத்தைப் பஞ்சாபி மண்டலம், இந்தி மண்டலம் என வகுத்து, பஞ்சாபியைக் குர்முகியில் எழுத வேண்டும் என்றது. பள்ளியில் பஞ்சாபி கற்பதை ஏற்கக்கூடிய இந்துக் குடும்பங்களும், அதைத் தேவநாகரியில் எழுதலாமே என்று கேட்டன. குர்முகி என்ற பெயரிலேயே குரு இருக்கிறார். சீக்கியரின் மறைநூல் அவ்வெழுத்தில் உள்ளது. மொழியைப் பொதுவாக்கி எழுத்தைச் சமயத்துக்குரியதாக வைத்துக்கொண்டால் மொழியும் சமயத்துக்குரியதாகவே காணப்படும். தாரா சிங் இதை மறைக்கவுமில்லை. மொழி எங்களுக்கு ஒரு வழி, சீக்கியர் தம் விதியைத் தாமே தீர்மானிக்கும் நிலப்பரப்பே குறி என்பது அவர் பேச்சுகளில் அடிக்கடி வெளிப்பட்டது. ஆகவே நேரு அவர் கோரிக்கையை மொழிக் கோரிக்கையாக நம்பவே இல்லை.

இங்கேதான் சந்த் ஃபதே சிங் வருகிறார். தாரா சிங் மேற்குப் பஞ்சாபின் நகர வணிகச் சாதியினர். ஃபதே சிங் மால்வாப் பகுதியின் ஜாட் உழவர். கல்வியும் ஆங்கிலமும் அதிகம் இல்லாதவர். அவர் செய்தது ஒன்றே: பஞ்சாபி பேசும் நிலப்பரப்பைத் தாருங்கள், அதில் சீக்கியர் எத்தனை விழுக்காடு என்பது எனக்குப் பொருட்டன்று என்றார். 1962இல் கட்சி பிளந்தது. அதே ஆண்டு குருத்வாராக் குழு அவர் அணியின் கைக்கு வந்தது. 1965 ஜனவரித் தேர்தலிலும் அவர் அணியே வென்றது. மிதமாதல் கருதுகோளை எளிமையாக நம்புவோர் இங்கு ஒரு கணம் நிற்க வேண்டும். மிதமான குரல், அனைவரும் வாக்களிக்கும் தேர்தலில் உருவாகவில்லை; சீக்கியர் மட்டும் வாக்களித்த தேர்தலில்தான் கடினமான குரலை வீழ்த்தியது. உழவர்களின் எழுச்சியும் தாரா சிங்கின் முறிந்த நோன்பும் அதற்குக் காரணமாயின. தோற்ற தாரா சிங் 1965இல் சீக்கியருக்குத் தன்னாட்சி நிலை வேண்டும் என்னும் பழைய குரலுக்கே திரும்பினார். அவர் வன்மை கூடக் கூட, ஃபதே சிங்கோடு உடன்படுவது தில்லிக்கு எளிதாயிற்று.

1965 போருக்குப் பின், 1966 மார்ச்சில் காங்கிரஸ் செயற்குழு பஞ்சாபி மாநிலத்தை ஏற்றது. நவம்பர் 1இல் அது பிறந்தது. எல்லையை வகுத்த குழு 1961 கணக்கெடுப்பின் மொழிப் பதிவுகளையே அடிப்படையாகக் கொண்டது. விளைவு விந்தையானது. பஞ்சாபி தம் மொழி அன்று எனப் பெருவாரியான இந்துக்கள் பதிந்ததால், அவர்கள் மிகுதியாக வாழ்ந்த பகுதிகள் பஞ்சாபி பேசாப் பகுதிகளாக வெளியேறின. எஞ்சிய சிறிய பஞ்சாபில் சீக்கியர் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர் ஆயினர். விழுக்காடு எனக்குப் பொருட்டன்று என்றவருக்கு விழுக்காடும் கிடைத்தது. அதை அவருக்குப் பெற்றுத் தந்தவர்கள் அவருடைய எதிரிகள்.

பெரும்பான்மை கிடைத்த பின்னர் அகாலி தளம் கடினப்பட்டிருக்க வேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நடந்தது வேறு. 1967 தேர்தலில் 104 இடங்களில் ஃபதே சிங் அணிக்கு 24, தாரா சிங் அணிக்கு 2. காங்கிரசுக்கு 48, அதாவது பெரும்பான்மைக்குச் சற்றுக் கீழே. மார்ச்சில் குர்நாம் சிங் தலைமையில் அமைந்த கூட்டணி அரசில் இரு அகாலி அணிகளும் பொதுவுடைமைக் கட்சிகளும் இருந்தன; ஜன சங்கமும் இருந்தது. அதற்குச் சரியாக ஓராண்டு முன்புதான் பஞ்சாபி மாநிலத்தை எதிர்த்து ஜன சங்கத் தலைவர் ஒருவர் உண்ணாநோன்பு இருந்திருந்தார். எதிரெதிர்ச் சமயக் கட்சிகள் இரண்டும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தது எவ்வாறு?

கணக்கைப் பார்த்தால் புரியும். அறுபது விழுக்காடு என்பது மக்கள்தொகை, வாக்கு அன்று. சீக்கிய வாக்கு காங்கிரசுக்கும் அகாலிக்கும் பொதுவுடைமையினருக்கும் பிரிந்தே கிடந்தது. பட்டியல் சாதிச் சீக்கியரிடம் அகாலியின் செல்வாக்கு குறைவு. ஆகவே சீக்கியப் பெரும்பான்மை மாநிலத்திலும் சீக்கியக் கட்சி தனித்து ஆள முடியாது. மறுபுறம், அகாலியின் வாக்காளர் சிற்றூர் ஜாட் உழவர். ஜன சங்கத்தின் வாக்காளர் நகரத்து இந்து வணிகர். இரு கட்சிகளும் ஒரே வாக்கைத் தேடவில்லை. ஒரே தொகுதியில் மோத வேண்டிய தேவையும் குறைவு. இருவருக்கும் போட்டியாளர் காங்கிரஸ்தான். கருத்தில் அருகருகே இருக்கும் கட்சிகளைவிட, வாக்கில் தொலைவில் இருக்கும் கட்சிகள் கூட்டணி சேர்வது எளிது என்பதற்குப் பஞ்சாப் நல்ல சான்று. இரு தரப்பும் தம் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவில்லை. ஒன்றையொன்று தொடாத இரண்டு நம்பிக்கைகளாக அவற்றை வைத்துக்கொண்டன.

தொட்ட இடங்களில் கூட்டணி முறிந்தது. அத்தகைய இடம் எப்போதும் மொழியாகவே இருந்தது. பஞ்சாபியை மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1967இன் இறுதியில், காங்கிரஸ் ஆதரவில் தனித்து ஆண்ட லச்மன் சிங் கில்லின் குறுகிய ஆட்சியில் நிறைவேறியது. ஜன சங்கத்தோடு பகிர்ந்த அரசில் அன்று. 1969இல் 43 இடங்களோடு முதலிடம் பெற்று அகாலி மீண்டும் ஜன சங்கத்தோடு ஆண்டது. 1970இல் கல்லூரிகளின் இணைப்பு, பயிற்றுமொழி ஆகிய சிக்கல்களில் ஜன சங்கம் வெளியேறியது. குர்முகியில் எழுதும் பஞ்சாபியே ஒரே பயிற்றுமொழி என்னும் பல்கலைக்கழக ஆணையைப் பட்டிண்டா டி.ஏ.வி. கல்லூரி எதிர்த்த வழக்கில், 1971இல் உச்ச நீதிமன்றம் கல்லூரியின் பக்கம் நின்றது. சிறுபான்மையினர் தமக்குரிய எழுத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை அங்கு பஞ்சாபின் ஆரிய சமாஜத்தினருக்குப் பயன்பட்டது. மொழிக் கொள்கை படிப்போர் இத்தீர்ப்பை முழுமையாகப் படிக்க வேண்டும்.

1972இல் காங்கிரஸ் 66 இடங்களோடு திரும்பியது, அகாலிக்கு 24. தோல்விக்குப் பின் கட்சி தன் கொள்கையை மீண்டும் எழுத ஒரு குழுவை அமைத்தது. 1973 அக்டோபரில் வந்தது அனந்த்பூர் சாகிப் தீர்மானம். பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம், தொடர்பு தவிர்ந்த அதிகாரங்கள் மாநிலத்துக்கு வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. கால்சாவின் மேலோங்கிய நிலைக்கு உகந்த அரசியல் சூழல் வேண்டும் என்பது மற்றொரு பகுதி. சீக்கியரைக் குறிக்க அது ஆளும் ‘கௌம்’ என்ற சொல் அரபியிலிருந்து வந்தது. சமூகம் என்றும் பொருள்படும், தேசம் என்றும் பொருள்படும். பஞ்சாபியில் படித்தவர் தமக்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும்போது ஒன்றைத் தேர்ந்தேயாக வேண்டும். பிற்காலத்தில் இத்தீர்மானம் பிரிவினைவாதமா, கூட்டாட்சியா என்று எழுந்த பூசலில் கணிசமான பகுதி இந்த ஒரு சொல்லின் மொழிபெயர்ப்புப் பூசலே. தீர்மானத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உலவியதால், பின்னர் லோங்கோவால் ஒன்றை அதிகாரப்பூர்வமானது எனச் சான்றளிக்கவும் நேர்ந்தது.

1977இல் 117 இடங்களில் 58 பெற்று, ஜன சங்கத்தையும் உள்ளடக்கிய ஜனதாவோடு அகாலி ஆட்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டு லூதியானா மாநாட்டில் அதே தீர்மானம் வேறு உடை உடுத்தி வந்தது. அழுத்தம் கால்சாவிலிருந்து கூட்டாட்சிக்கு நகர்ந்தது. பஞ்சாபுக்கு மட்டுமின்றி எல்லா மாநிலங்களுக்கும் அதிகாரம் என்றாயிற்று. ஜனதாத் தலைவர் சந்திரசேகரும் அம்மாநாட்டில் கலந்துகொண்டார். தமிழ்நாட்டில் இராசமன்னார் குழு 1971இலேயே அறிக்கை தந்துவிட்டது. மேற்கு வங்க இடது அரசும் தன் குறிப்பை வெளியிட்டிருந்தது. அகாலியின் குரல் அந்தக் குழுவில் ஒரு குரலாகச் சேர்ந்தது. தோற்றபோது எழுதியதும் ஆண்டபோது எழுதியதும் ஒரே பெயருடைய ஆவணத்தின் இரண்டு வடிவங்களாக நம் கையில் உள்ளன. கட்சி மிதமாகிவிட்டதா என்று அறிய ஆட்சிக்கால அறிக்கையைப் படிப்பது போதாது. தோற்ற பின் அது எதை எழுதுகிறது என்று பார்க்க வேண்டும் என்பது இவ்விரண்டையும் ஒப்பிட்ட பின் எனக்கு ஏற்பட்ட முடிவு.

1980இல் இந்திரா காந்தி அகாலி அரசைக் கலைத்தார். தேர்தலில் காங்கிரஸ் 63, அகாலி 37. 1982 ஆகஸ்டில் தர்ம யுத்த மோர்ச்சா தொடங்கியது. ஆற்று நீரும் சண்டிகரும் அதன் கோரிக்கைகள். பெயரோ தர்ம யுத்தம். அதன் பின் நடந்தவற்றை இங்கு விரித்துரைக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் குறிக்கிறேன். எதிர்க்கட்சியாக இருந்ததால் அகாலி கடினமாயிற்று, அதனால் 1984 நேர்ந்தது என்று எழுதுவது வரலாற்றுப் பிழை. 1979 குருத்வாராக் குழுத் தேர்தலில் பிந்தரன்வாலேயின் ஆதரவு பெற்ற வேட்பாளர்கள் ஒருசிலரே வென்றனர். சீக்கிய வாக்காளர் அகாலியையே பெருவாரியாகத் தேர்ந்தெடுத்தனர். தீவிரவாதம் வாக்குப்பெட்டி வழியாக வளரவில்லை. அகாலியை அதன் சொந்த அரங்கிலேயே மடக்கக் காங்கிரஸ் அவரைப் பயன்படுத்திக்கொண்டதும், பேசி முடிக்கக்கூடிய கோரிக்கைகளை மத்திய அரசு இழுத்தடித்ததும், துப்பாக்கியும் சேர்ந்து மிதவாதிகளின் காலடி நிலத்தைப் பறித்தன. மிதமாதல் கருதுகோள் கட்சியை மட்டுமே பார்க்கிறது. எதிரே இருக்கும் அரசு என்ன செய்கிறது என்பதை அது பெரும்பாலும் நிலையானதாக எடுத்துக்கொண்டுவிடுகிறது.

1985 ஜூலையில் லோங்கோவால் ராஜீவ் காந்தியோடு ஒப்பந்தம் செய்தார். அனந்த்பூர் தீர்மானத்தின் மத்திய-மாநில உறவு பற்றிய பகுதி சர்க்காரியா குழுவுக்கு அனுப்பப்பட்டது. அதாவது தீர்மானத்தின் கூட்டாட்சிப் பாதி அரசமைப்பின் மொழிக்குள் ஏற்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் லோங்கோவால் கொல்லப்பட்டார். செப்டம்பரில் அகாலி 73 இடங்களை வென்று முதன்முறையாகத் தனித்து ஆட்சி அமைத்தது. ஆனால் 1986 ஏப்ரல் இறுதியில் முதலமைச்சர் பர்னாலா பொற்கோயில் வளாகத்துக்குள் காவல்துறையை அனுப்பியதும் கட்சி பிளந்தது. 1987இல் அகால் தக்த் அவரைச் சமூகத்திலிருந்து விலக்கியது. மாநிலமே தேர்ந்தெடுத்த முதலமைச்சரை, அம்மாநிலத்தின் ஒரு பீடம் குற்றவாளியாக்கியது. ஒப்பந்தத்தில் உறுதியளித்த சண்டிகர் கைமாற்றம் நடக்காததால் அவர் காட்டுவதற்கு எதுவும் இல்லாமல் நின்றார். 1992 தேர்தலைப் பெரும்பாலான அகாலிகள் புறக்கணித்தனர். வாக்குப்பதிவு ஏறத்தாழ 24 விழுக்காடு.

அதன் பின் வந்த திருப்பத்தைப் பிரகாஷ் சிங் பாதல் செய்தார். 1996இல் மோகா மாநாட்டில் கட்சி சீக்கியருக்கானது மட்டுமன்று, பஞ்சாபியர் அனைவருக்குமானது என அறிவிக்கப்பட்டது. ‘பஞ்சாபியத்’ என்பது புதிய முழக்கம். 1997இல் அகாலி 75, கூட்டாளி பாரதிய ஜனதா 18. ஐம்பதுகளில் சமயத்தின் இடத்தில் நிறுத்தப்பட்ட மொழிச்சொல், நாற்பதாண்டு கழித்து உண்மையிலேயே மொழிச்சொல்லாகப் பொருள் விரிந்தது. சொல்லை முதலில் முகமூடியாக அணிந்தவர்களுக்கு அது காலப்போக்கில் முகமாகிவிடலாம் என்றால், மிதமாதலுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. நான் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

ஆனால் இரண்டாம் அரங்கு போய்விடவில்லை. 1989இல் நடைமுறைக்கு வந்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு, பதிவுபெறும் ஒவ்வொரு கட்சியும் சமயச்சார்பின்மைக்கு உறுதிகூற வேண்டும் என்றது. அகாலி தளம் தேர்தல் ஆணையத்திடம் அவ்வாறு உறுதிகூறியது. குருத்வாராத் தேர்தலுக்கோ சீக்கிய சமயக் கட்சியாகவே நின்றது. இரண்டு இடத்தில் இரண்டு விதிமுறை நூல்கள் தந்து ஏமாற்றியதாக ஹோஷியார்பூர் நீதிமன்றத்தில் வழக்கு தொடுக்கப்பட்டு, 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அக்குற்ற வழக்கை நீக்கியது. சமயப் பற்றுடைய அமைப்பு சமயச்சார்பற்றதாக இருக்க முடியாது என்று கொள்ள வேண்டியதில்லை என்பது விசாரணையின்போது வெளிப்பட்ட கருத்து. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். வரலாற்று மாணவருக்கு அவ்விரு நூல்களும் ஒரே கட்சியின் இரண்டு வாக்காளரை நோக்கி எழுதப்பட்டவை. எது உண்மை என்ற கேள்வியே பொருந்தாது.

முதல் அரங்கு விரிந்துகொண்டிருந்தபோது இரண்டாம் அரங்கு சுருங்கியது என்பதும் கவனத்துக்குரியது. முடி களையும் சகஜ்தாரிச் சீக்கியரின் வாக்குரிமை 2003இல் ஓர் அறிவிக்கையால் நீக்கப்பட்டது. அதை உயர் நீதிமன்றம் செல்லாதென்ற பின் 2016இல் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தி நீக்கியது. குருத்வாராக் குழுவுக்குப் பொதுத்தேர்தல் கடைசியாக நடந்தது 2011இல். சட்டமன்றத்துக்குப் பஞ்சாபியத், குருத்வாராவுக்குத் தூய சீக்கியர் மட்டும். இரண்டையும் ஒரே கட்சியே நடத்தியது.

இரண்டும் மோதியது 2015இல். தேரா சச்சா சௌதாவின் தலைவர் 2007இல் பத்தாம் குருவைப் போல உடுத்தியதாக எழுந்த கொந்தளிப்பில் அகால் தக்தின் கண்டனத்துக்கு ஆளானவர். மால்வாவில் அவருடைய பின்பற்றாளர் வாக்கு பல தொகுதிகளில் முடிவைத் தீர்மானிக்கும் என்று எல்லாக் கட்சிகளும் நம்பின. 2015 செப்டம்பரில் அகால் தக்த் அவரை மன்னித்தது. அதன் பின்னால் ஆளும் அகாலியின் கை இருந்ததாகவே சீக்கியர் பலர் கருதினர். எதிர்ப்பு எழுந்து மன்னிப்பு திரும்பப் பெறப்பட்டது. அக்டோபரில் பர்காரியில் மறைநூல் ஏடுகள் கிழித்தெறியப்பட்டன. போராடியவர்கள் மீது காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். மிதமாதல் கருதுகோளின் மொழியில் சொன்னால், தன் சமூகத்துக்கு வெளியே உள்ள வாக்கை நாடிக் கட்சி கைநீட்டியது. அந்தக் கையே அதை வீழ்த்தியது. 2017இல் 15 இடங்கள், 2022இல் 3 இடங்கள். இடையில் 2020இல் வேளாண் சட்டங்களால் பாரதிய ஜனதாவோடு இருந்த கூட்டணியும் முடிந்தது.

இதிலிருந்து எவ்வளவு பொதுமைப்படுத்தலாம் என்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அகாலி தளம் சமயச் சட்டத்தை நாட்டுச் சட்டமாக்கக் கேட்ட கட்சியன்று. ஒரு சமூகத்தின் அதிகாரத்தைக் கேட்ட கட்சி. அதிகாரத்தைப் பங்கிடலாம், மொழிக்குப் பெயர்க்கலாம். திருமணத்தையும் வாரிசுரிமையையும் மறைநூல்படி அமைக்கக் கேட்கும் கட்சிக்கு அத்தகைய மொழிபெயர்ப்பு வாய்க்குமா என்பதற்குப் பஞ்சாபில் விடை தேடக் கூடாது.

2024 டிசம்பர் 2ஆம் நாள், முன்னாள் துணை முதலமைச்சர் சுக்பீர் சிங் பாதல் அகால் தக்தின் முன் நின்றார். 2007 முதல் 2017 வரையிலான தம் கட்சியின் ஆட்சிக்காலத்துக் குற்றங்களை, தேரா தலைவருக்கு வழங்கிய மன்னிப்பு உட்பட, ஒப்புக்கொண்டார். மறைந்த அவர் தந்தைக்கு அளிக்கப்பட்டிருந்த பட்டம் திரும்பப் பெறப்பட்டது. அவருக்கு விதிக்கப்பட்டவை: கழுத்தில் பலகை, கையில் ஈட்டியோடு வாயிற்காவல், பின் பாத்திரம் கழுவுதல். அவருடன் தண்டனை பெற்ற முன்னாள் அமைச்சர்கள் கழிவறைகளைத் துப்புரவு செய்தனர்.